சந்தாத் தொகை ஏன் கூடியது? நாள் கணக்கில் ஒரு விளக்கம்

மாதந்தோறும் ஒரே தொகை பற்று வைக்கப்படும் என்று எண்ணியிருந்த கணக்கில், ஒரு மாதம் மட்டும் தொகை கூடியிருந்தால் யாருக்கும் ஐயம் எழுவது இயல்பு. தவறாக எடுத்துவிட்டார்களா, அல்லது உரிய தொகைதானா என்பதை நாமே கணக்கிட்டு அறிய முடியும். அதற்குப் பெருக்கலும் வகுத்தலும் போதும். ஆனால் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்பதைச் சரியாக எண்ண வேண்டும். ஓர் எடுத்துக்காட்டின் வழியே இதனை விளக்குகிறோம்.

சோதனைக் காலம் முடியும் நாள்

பாத்திரக் கடை நடத்தும் ஒருவர், கடைக் கணக்குகளுக்காக ஒரு மென்பொருளுக்குச் சந்தா செலுத்துவதாகக் கொள்வோம். சாதாரணத் திட்டத்திற்கு மாதம் ரூ.600, உயர் திட்டத்திற்கு ரூ.1,500. இவற்றுடன் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி தனி. முதல் 14 நாட்கள் இலவசம்.

அவர் ஜூன் 5ஆம் நாள் பதிவு செய்கிறார். பதிவு செய்த நாளையும் சேர்த்து எண்ணினால், ஜூன் 18 பதினான்காம் நாள். ஆகவே ஜூன் 19 அன்று முதல் கட்டணம் எடுக்கப்படும். வரியுடன் அது ரூ.708. சந்தாவைத் தொடர விரும்பாதவர் ஜூன் 18க்குள் விலகியிருக்க வேண்டும். ‘14 நாட்கள்’ என்பதை ஜூன் 5உடன் 14ஐக் கூட்டி ‘ஜூன் 19 வரை’ என்று கொள்பவர்கள், ஒரு நாள் பிந்திவிடுகிறார்கள்.

சோதனைக் காலத்திலேயே உயர் திட்டத்திற்கு மாறினால் பங்கிட்டுக் கணக்கிட எதுவுமில்லை. செலுத்திய தொகை சுழியம் என்பதால் திரும்ப வரவு வைக்க வேண்டியதும் சுழியமே.

இடையில் திட்டம் மாறும்போது

முதல் கட்டணச் சுழற்சி ஜூன் 19 முதல் ஜூலை 18 வரை, மொத்தம் 30 நாட்கள். நம் கடைக்காரர் ஜூன் 29 அன்று உயர் திட்டத்திற்கு மாறுகிறார். ஜூன் 19 முதல் 28 வரை 10 நாட்கள் பழைய திட்டத்தில் கழிந்துவிட்டன. எஞ்சியவை 20 நாட்கள்.

இப்போது இரண்டு கணக்குகள் செய்ய வேண்டும். பழைய திட்டத்தில் பயன்படுத்தாத 20 நாட்களுக்கு உரிய தொகை அவருக்கு வரவு. புதிய திட்டத்தில் அதே 20 நாட்களுக்கு உரிய தொகை அவர் செலுத்த வேண்டியது.

வரவு: 600 × 20 ÷ 30 = ரூ.400
செலுத்த வேண்டியது: 1,500 × 20 ÷ 30 = ரூ.1,000
வேறுபாடு: ரூ.600
வரி 18 விழுக்காடு: ரூ.108
மொத்தம்: ரூ.708

முதல் பட்டியலின் தொகையும் ரூ.708 என்பதால் ‘ஒரே தொகையை இருமுறை எடுத்துவிட்டார்கள்’ என்று தோன்றலாம். ஆனால் இங்கு இரண்டு தொகைகளும் ஒன்றாயிருப்பது தற்செயலே. முன்னது ஒரு மாதச் சந்தா. பின்னது 20 நாட்களுக்கான கூடுதல்.

முதலில் ஒரு நாள் கட்டணத்தைக் கண்டு அதைப் பைசாவுக்கு முழுமையாக்கிய பின் பெருக்கினால் சிறு பிழை சேரும். சுழற்சி 31 நாட்களாயின், இரு திட்டங்களின் வேறுபாடான ரூ.900ஐ 20ஆல் பெருக்கி 31ஆல் வகுத்தால் ரூ.580.65 வரும். முதலில் வகுத்து ரூ.29.03 என்று முழுமையாக்கி, பிறகு 20ஆல் பெருக்கினால் ரூ.580.60 மட்டுமே. எனவே பெருக்கலை முன்னும் வகுத்தலைப் பின்னும் செய்வதே நன்று.

சில நிறுவனங்கள் நாட்களை எண்ணாமல் நேரத்தையே எண்ணுகின்றன. நம் எடுத்துக்காட்டில் சுழற்சி காலை 10 மணிக்குத் தொடங்கி, திட்டம் மாலை 6 மணிக்கு மாற்றப்பட்டிருந்தால், எஞ்சியிருப்பது 720 மணி நேரத்தில் 472 மணி நேரம். அப்போது வேறுபாடு ரூ.600 அல்ல, ரூ.590. இத்தகைய சிறு மாறுபாடு பிழையன்று.

வரியில் நேரும் பிழை

உண்மையான பிழை பெரும்பாலும் வரியில் மறைந்திருக்கும். ரூ.1,000க்கு வரி ரூ.180ஐச் சேர்த்து, அந்த ரூ.1,180இலிருந்து வெறும் ரூ.400ஐ மட்டும் கழித்திருந்தால் பட்டியலில் ரூ.780 இருக்கும். இது ரூ.72 மிகை. பழைய திட்டத்திற்குப் பணம் செலுத்தியபோதே அந்த ரூ.400க்கான வரி ரூ.72ஐயும் அவர் செலுத்திவிட்டார். ஆகவே வரவு ரூ.472ஆக இருக்க வேண்டும். உங்கள் கணக்குக்கும் பட்டியலுக்கும் உள்ள வேறுபாடு, வரவுத் தொகையின் 18 விழுக்காட்டுக்குச் சமமாயிருந்தால், பிழை இங்கேதான் என்று அறியலாம்.

எப்போது வசூலிப்பார்கள்?

வேறுபாட்டுத் தொகையைச் சில நிறுவனங்கள் அன்றே வசூலிக்கும். சில, சுழற்சியையே புதிதாகத் தொடங்கும். அப்போது முழு ரூ.1,500இலிருந்து ரூ.400 கழித்து, ரூ.1,100உடன் வரி சேர்த்து ரூ.1,298 எடுக்கப்படும். இது ரூ.708ஐவிட ரூ.590 கூடுதல் எனினும் நட்டம் இல்லை. இதில் 20 நாட்களுக்குப் பதில் 30 நாட்கள் கிடைக்கின்றன. கூடுதலான 10 நாட்களுக்கு ரூ.500, அதன் வரி ரூ.90.

வேறு சில நிறுவனங்கள் வேறுபாட்டை அடுத்த பட்டியலில் சேர்த்துவிடும். அப்போது ஜூலை 19 அன்று, ரூ.600உடன் அடுத்த மாதச் சந்தா ரூ.1,500ஐயும் சேர்த்து ரூ.2,100, வரி ரூ.378; ஆக மொத்தம் ரூ.2,478. அவர் எதிர்பார்த்திருந்ததோ ரூ.1,770. இங்குதான் பலருக்கும் குழப்பம் நேர்கிறது. ஆகஸ்ட் 19 அன்று தொகை மீண்டும் ரூ.1,770 ஆகிவிடும். ஆகாவிடில் கேள்வி எழுப்ப வேண்டும்.

பற்று ஆணையின் உச்ச வரம்பு

சந்தாவுக்காகத் தானியங்கிப் பற்று ஆணை அளிக்கும்போது, ஒரு முறைக்கு அதிகபட்சமாக எவ்வளவு எடுக்கலாம் என்ற வரம்பையும் ஏற்கிறோம். நம் கடைக்காரரின் வரம்பு ரூ.2,000ஆக இருந்தால், ரூ.1,770 தடையின்றிச் செல்லும், ரூ.2,478 செல்லாது. பணம் இருந்தும் பற்று தோல்வியுற்று, மென்பொருள் நின்றுபோகக்கூடும். திட்டத்தை உயர்த்துமுன் இந்த வரம்பைச் சரிபார்ப்பது நன்று.

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, அட்டை வழியான தொடர் பற்றுகளுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக, தொகையையும் நாளையும் குறிப்பிட்டு வாடிக்கையாளருக்கு அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். மென்பொருள் சந்தா போன்றவற்றில் ரூ.15,000க்கு மேற்பட்ட தொகையாயின், ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளரின் கூடுதல் உறுதிப்பாடும் தேவை.

அந்த முன்னறிவிப்பே கணக்கைச் சரிபார்ப்பதற்கு உரிய நேரம். அதில் கண்ட தொகையை மேற்சொன்ன முறையில் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். பொருந்தாவிடில், அந்தப் பற்றை ஏற்காமல் விலகிக்கொள்ளும் வசதியும் அவ்வறிவிப்பிலேயே உண்டு. பணம் சென்ற பின் திரும்பப் பெறுவதைவிட, செல்லுமுன் நிறுத்துவது எளிது.