கன மீட்டரை மூட்டையாக்கிப் பாருங்க, சித்தி!

தளம் போட கான்ட்ராக்டர் கொட்டேஷன் கொடுத்திருக்கார். 1,000 சதுர அடி, 5 இன்ச் கனம், எம்20 கான்கிரீட் 11.8 கன மீட்டர், கம்பி 950 கிலோ. வாசலில் லாரி வந்து நிற்கும்போது கன மீட்டரை எண்ண முடியாதே! அதனால் மஸ்கட்டில் உட்கார்ந்து, நீங்க கையால் எண்ணிப் பார்க்கிற மாதிரி எல்லாத்தையும் மாத்தி வெச்சிருக்கேன்.

1. முதலில் அவர் போட்ட அளவு சரியான்னு பார்த்திடலாம். 5 இன்ச்சை 12-ஆல் வகுத்து 1,000-ஆல் பெருக்கினா 417 கன அடி. ஒரு கன மீட்டருக்கு 35.3 கன அடி என்பதால் 11.8 வருது. தளத்துக்கு மட்டும் இது சரி. பீம் இதில் சேரலை, அதைத் தனியா எழுதித் தரச் சொல்லுங்க.

2. சிமென்ட், மணல், ஜல்லி மூணையும் ஒண்ணுக்கு ஒன்றரைக்கு மூணுன்னு பெட்டியால் அளந்து கலந்தா, ஒரு கன மீட்டருக்கு 8 மூட்டை சிமென்ட் பிடிக்கும். நமக்கு 95 மூட்டை. சிந்தினது சிதறினதுக்கும் சேர்த்து 100 மூட்டை, அதாவது 5 டன் இறக்கச் சொல்லுங்க. மிச்சமானா கட்டுவேலைக்கு ஆகும். இன்ஜினியர் வேற கலவை எழுதிக் கொடுத்திருந்தா மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கிட்டயே மூட்டை எண்ணிக்கையைக் கேட்டுக்குங்க.

3. கான்கிரீட் போடுற அன்னிக்குக் காலிச் சாக்கை யாரும் எடுத்துட்டுப் போக விடாம ஒரு ஓரமா அடுக்கி வைங்க. சாயங்காலம் எண்ணினா 95-ஐ ஒட்டி இருக்கணும். 80-தான் இருக்குன்னா, ஒண்ணு கலவையில் சிமென்ட் குறைஞ்சிருக்கு, இல்லைன்னா தளத்தின் கனம் குறைஞ்சிருக்கு. அதனால் மதியமே ஒரு தடவை எண்ணிடுங்க, பாதித் தளம் முடியும்போது 47, 48 சாக்கு இருக்கணும்.

4. எம்சாண்ட் 175 கன அடி வேணும், முக்கால் இன்ச் ஜல்லி 350 கன அடி வேணும். நம்ம ஊரில் 100 கன அடிதானே ஒரு யூனிட்? அப்போ மணல் ஒன்றே முக்கால் யூனிட், ஜல்லி மூன்றரை யூனிட். 2 யூனிட் லாரின்னா மணல் ஒரு லோடு, ஜல்லி ரெண்டு லோடு. மிஞ்சுற அரை யூனிட் ஜல்லி பின்னால் தரை கான்கிரீட்டுக்கு உதவும்.

5. லோடைக் கொட்டுறதுக்கு முன்னாடி அளந்திடணும், கொட்டின குவியலை அளக்கிறது கஷ்டம். லாரித் தொட்டியின் உள்நீளம், உள்அகலம் ரெண்டையும் டேப்பில் எடுத்துட்டு, ஒரு கம்பியை நாலு மூலையிலும் நடுவிலும் குத்தி ஆழம் பாருங்க. பேஸ்மென்ட் வேலைக்கு வந்த லாரி ஞாபகம் இருக்கா? 11 அடிக்கு 6 அடி தொட்டி, நடுவில் 3¼ அடி ஆழம், மூலையில் எல்லாம் 2¼ அடி. சராசரி 2.45 அடி, ஆக 162 கன அடிதான். பில்லில் 2 யூனிட்னு இருந்துச்சு.

6. ஈர மணல் உப்பி நிற்கும், பார்க்க அதிகமாத் தெரியும். ஒரு கண்ணாடி ஜாடியில் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு மணலைத் தளர்வாப் போட்டு, தண்ணி ஊத்திக் கலக்கித் தெளிய விடுங்க. மணல் 12-க்கு இறங்கிட்டா, 2 யூனிட் ஈர மணலில் 1.6 யூனிட் மணல்தான் இருக்குன்னு அர்த்தம். அப்போ நமக்கு ஒரு லோடு போதாது, இன்னும் கால் யூனிட் சொல்லி வைக்கணும். கலவைப் பெட்டியிலும் மணலைக் கூட்டிப் போடணும், எவ்வளவுன்னு இன்ஜினியர் சொல்லுவார்.

7. கம்பி 950 கிலோ, டன்னில் சொன்னா ஒரு டன்னுக்குக் கொஞ்சம் கம்மி. 10 எம்எம் 600 கிலோ, 8 எம்எம் 350 கிலோன்னு பிரிச்சிருக்கார். 40 அடிக் கம்பி ஒண்ணு 10 எம்எம்னா 7.4 கிலோ, 8 எம்எம்னா 4.74 கிலோ. அப்போ 81 கம்பியும் 74 கம்பியும் வரணும். மடிச்சுக் கொண்டுவந்தா நுனியை எண்ணாதீங்க, ஒரு கம்பியே ரெண்டாத் தெரியும். மடிப்பை எண்ணுங்க.

8. எண்ணிக்கை சரியா இருந்தும் எடை குறையலாம், இந்த ரெண்டு சைஸுக்கும் 7 சதவீதம் வரை ஏற்ற இறக்கத்தை ஐஎஸ்ஐ தரமே அனுமதிக்குது. அதனால் காலி வண்டி எடை, லோடு வண்டி எடை ரெண்டுக்கும் எடைமேடைச் சீட்டு வாங்கிக்குங்க. பணம் சீட்டில் உள்ள கிலோவுக்குத்தான்னு முதல்லயே சொல்லிடுங்க.

9. காலண்டர் அட்டையின் பின்பக்கம் இதை மட்டும் எழுதி ஷெட் கதவில் ஒட்டிடுங்க: சிமென்ட் 100 மூட்டை, மணல் 1¾ யூனிட், ஜல்லி 3½ யூனிட், கம்பி 81 + 74. ஒவ்வொரு வண்டி வந்ததும் பக்கத்தில் கோடு போட்டு, அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்புங்க சித்தி. அன்னிக்கு ராத்திரியே பார்த்துட்டு, வந்த சரக்குக்கு மட்டும் பணம் போட்டு விடுறேன்.