முடி உதிர்வும் வைட்டமின் மிட்டாயும்: எந்த இரத்தப் பரிசோதனை தேவை?

தலைவாரும்போது சீப்பில் முடி கொத்தாக வருவதைக் கண்டவுடன், 'கம்மீஸ்' எனப்படும் வைட்டமின் மிட்டாய்களை வாங்கி உண்ணும் பழக்கம் இப்போது பரவலாகிவிட்டது. புதுக்கோட்டை நகரில் மட்டுமின்றி, அறந்தாங்கி, கறம்பக்குடி போன்ற ஊர்களிலிருந்து வருவோரின் கைப்பைகளிலும் அவற்றைக் காண்கிறோம். அவற்றில் பெரும்பாலானவற்றின் முதன்மைச் சரக்கு பயோட்டின் என்னும் வைட்டமின். நாளொன்றுக்கு நமக்குத் தேவைப்படும் பயோட்டின் ஏறத்தாழ 30 முதல் 40 மைக்ரோகிராம் மட்டுமே. முட்டை, நிலக்கடலை, பயறு ஆகியவற்றை உண்போருக்கு அது இயல்பாகவே கிடைத்துவிடுகிறது. பயோட்டின் குறைபாடு மிக அரிது. ஆகவே, குறைபாடு இல்லாதவர் அதைக் கூடுதலாக உண்பதால் முடி வளரும் என்பதற்குத் தக்க சான்று இல்லை.

நம் பகுதிப் பெண்களிடம் பெரும்பாலும் காணப்படும் குறை வேறு, அது இரும்புச்சத்து. வழக்கமான கம்மீஸில் பெரும்பாலும் இரும்புச்சத்து இருப்பதில்லை. அதன் உலோகச் சுவையை இனிப்பினால் மறைப்பது கடினம். மிட்டாய் என்று எண்ணிக் குழந்தைகள் நிறைய உண்டுவிட்டால் இரும்பு உயிருக்கே ஆபத்தாகும் என்பதும் ஒரு காரணம்.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஆலங்குடிப் பக்கத்தைச் சேர்ந்த 27 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகம். உணவுக்குப் பின் உடனே தேநீர் அருந்தும் வழக்கம் உண்டு. நான்கு மாதங்களாகத் தலை முழுவதும் ஒரே சீராக முடி உதிர்கிறது. ஹீமோகுளோபின் 12.2 என வந்ததால், "இரத்தம் சரியாகத்தான் இருக்கிறது" என்று வீட்டார் கூறிவிட்டனர். ஆனால் ஃபெரிட்டின் பரிசோதனையில் அளவு 9 மட்டுமே. ஃபெரிட்டின் என்பது உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது. 15-க்குக் கீழே சென்றால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். குதிரில் நெல் தீர்ந்த பின்னும் அடுப்பில் சில நாள் சோறு வேகும் அல்லவா? அதுபோலச் சேமிப்பு தீர்ந்து பல வாரங்கள் கழித்தே ஹீமோகுளோபின் குறையத் தொடங்கும். முடிவேரோ உடலுக்கு உயிர்காக்கும் உறுப்பன்று. ஆதலால் அதற்குரிய பங்கை உடல் முதலிலேயே குறைத்துவிடுகிறது.

இப்பெண்ணின் தைராய்டு பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு மிகக் குறைவாக வந்தது. தைராய்டு மிகையாகச் சுரக்கிறதோ என்ற ஐயம் எழுந்தது. உண்மையில் அவர் நாள்தோறும் 10 மில்லிகிராம், அதாவது 10,000 மைக்ரோகிராம் பயோட்டின் உண்டுவந்தார். ஆய்வகக் கருவிகள் சிலவற்றின் வேதிமுறையே பயோட்டினைக் கொண்டு இயங்குவதால், இரத்தத்தில் மிகுந்திருக்கும் பயோட்டின் முடிவைத் திரித்துவிடும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையும் இவ்வாறு பொய்யாகக் குறைந்து காட்டக்கூடும். இது குறித்து அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரிக்கை வெளியிட்டது. இப்பெண் பயோட்டினை நிறுத்திச் சில நாள் கழித்து மீண்டும் பரிசோதித்தபோது டி.எஸ்.எச். இயல்பாகவே இருந்தது.

ஆகவே, பரவலான உதிர்வுக்கு நாங்கள் முதலில் கேட்பவை மூன்றே: முழு இரத்த அணுக்கள் எண்ணிக்கை, ஃபெரிட்டின், டி.எஸ்.எச். இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றைத் தவிர்ப்போருக்கு வைட்டமின் பி12-ஐயும், வெயில் படாமல் இருப்போருக்கு வைட்டமின் டி-யையும் பார்ப்பதுண்டு. பெரும் பணத்துக்கு விற்கப்படும் 'முடித் தொகுப்பு'ப் பரிசோதனைகள் பெரும்பாலும் வேண்டியதில்லை. காய்ச்சல் அல்லது தொற்று இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயரும். உடல் தேறிய பின் பார்ப்பதே நன்று. டெங்கு போன்ற கடுங்காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி உதிர்வதும் உண்டு. பிற குறை இல்லையெனில் அது தானாகவே நிற்கும்.

வட்டத் திட்டாக உதிர்வதும், வகிடு மட்டும் அகன்றுகொண்டே போவதும் பெரும்பாலும் சத்துக்குறைவால் வருவன அல்ல. தோல் மருத்துவரைக் காண வேண்டும். ஆண்களிடம் ஃபெரிட்டின் குறைந்திருந்தால் முடியை விட்டுவிட்டு, வயிற்றிலோ குடலிலோ இரத்தக் கசிவு உண்டா என்றே முதலில் தேட வேண்டும்.

மிகையும் தீங்கே. வைட்டமின் ஏ, செலினியம் ஆகிய இரண்டும் அளவு மீறினால் முடியை உதிர்க்கும். 2024 இறுதியிலும் 2025 தொடக்கத்திலும் மகாராட்டிரத்தின் புல்டாணா மாவட்டச் சிற்றூர்களில் பலருக்குச் சில நாள்களில் தலைமுடி கொட்டியது. உணவுக் கோதுமையில் மிகுந்திருந்த செலினியமே காரணம் என மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் தம் ஆய்வின் அடிப்படையில் கூறினார். கம்மீஸ் புட்டியிலும் இவ்விரண்டின் பெயர் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆலங்குடிப் பெண்ணுக்கு இரும்பு மாத்திரை தரப்பட்டது. மிகுந்த மாதவிடாய்க்கும் சிகிச்சை தொடங்கியது. மாத்திரையைத் தேநீர், காபி, பால் ஆகியவற்றுடன் விழுங்கலாகாது. குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறு இரும்பு உட்கிரகிக்கத் துணைபுரியும். உதிர்வு குறைய ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் அளவே வளருமாதலால், அடர்த்தி கண்ணுக்குத் தெரிய ஆறு மாதத்துக்கு மேலும் ஆகலாம். மூன்று மாதத்தில் ஃபெரிட்டினை மீண்டும் பார்ப்போம். அப்போது இரத்தம் கொடுக்க வரும்முன் குறைந்தது இரண்டு நாளாவது பயோட்டினை நிறுத்துங்கள். அளவு மிகுதியாக உண்பவர் இன்னும் முன்னதாகவே நிறுத்த வேண்டும். உண்டுவரும் புட்டியையும் கையோடு கொண்டுவந்து ஆய்வகத்தில் காட்டுங்கள்.