ஓடும் மனிதன்: பொதுவிடப் படக்குறியும் இமோஜியும் பொருளுணர்த்தும் முறை

கைபேசித் திரையில் ஓடும் மனிதனின் உருவம் ஒன்று உண்டு. விமான நிலையத்திலும் மருத்துவமனையிலும் கதவுக்கு மேல் பச்சை ஒளியில் ஓடும் மனிதன் மற்றொருவன் உண்டு. முன்னது இமோஜி, பின்னது அவசரகால வெளியேறு வழியைக் காட்டும் படக்குறி. உருவத்தால் நெருங்கிய இவ்விரண்டும் பொருளுணர்த்தும் முறையால் எங்குப் பிரிகின்றன என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

'இமோஜி' என்னும் சொல் உணர்ச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததாகப் பலர் கருதுவர். அது படம், எழுத்து எனப் பொருள்படும் சப்பானியச் சொற்களின் கூட்டாகும். எழுத்துக்கு நிகராக உரையினுள் நிற்பதே அதன் இயல்பு. ஓடும் மனிதன் இமோஜி ஓரிடத்தில் 'இதோ வந்துகொண்டிருக்கிறேன்' என்றும், ஓரிடத்தில் 'காலை ஓட்டப் பயிற்சி முடிந்தது' என்றும், மற்றோரிடத்தில் 'ஆளை விடுங்கள்' என்றும் பொருள் தருகிறது. தொல்காப்பியக் கிளவியாக்கம் பலபொருள் ஒருசொல்லை வினை, இனம், சார்பு ஆகியவற்றால் தெளிந்துகொள்ள வழிசொல்கிறது. இமோஜியும் அவ்வாறே தெளியப்படுகிறது. அருகில் வாக்கியம் இருக்கிறது; அனுப்பியவர் அறிந்தவர்; ஐயம் எழுந்தால் திரும்பக் கேட்கலாம். கூப்பிய கைகளை ஒருவர் வணக்கமாகவும் இன்னொருவர் நன்றியாகவும் கொள்வதால் பெருந்தீங்கு ஏதும் விளைவதில்லை.

இமோஜியின் வடிவமும் நெகிழ்வுடையதே. யூனிகோடு அமைப்பு ஓர் எண்ணையும் பெயரையுமே நிலைப்படுத்துகிறது; ஓடும் மனிதனுக்குரிய எண் U+1F3C3. உருவத்தை வரைவது ஒவ்வொரு நிறுவனத்தின் உரிமை. அம்மனிதன் எத்திசை நோக்கி ஓடவேண்டும் என்பதைப் பெயர் சொல்லவில்லை. பெரும்பாலான கைபேசிகளில் அவன் இடப்புறம் ஓடினான். வலப்புறம் ஓடுபவனைத் தனியே குறிக்கும் வழி 2023இல்தான் சேர்க்கப்பட்டது. அதுவரை அக்குறையால் எவரும் வழி தவறவில்லை.

கதவுக்கு மேல் உள்ளவனின் வரலாறு வேறு. 1972ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் ஒசாகா நகரின் சென்னிச்சி பல்பொருள் அங்காடிக் கட்டடத்தில் மூண்ட தீயில் 118 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டு குமமோத்தோவின் தாய்யோ அங்காடித் தீ நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அந்நாளில் சப்பானில் வெளியேறு வழியைக் காட்ட எழுத்துப் பலகைகளே இருந்தன. எழுத்தை நம்பாத குறி வேண்டும் என்ற நிலையில், 1970களின் இறுதியில், யுகியோ ஓட்டா என்னும் வடிவமைப்பாளரின் பங்களிப்புடன் ஓடும் மனிதன் உருவானான். பின்னர் பன்னாட்டுத் தர அமைப்பு அக்குறியை ஏற்றது.

ஐஎஸ்ஓ 7010 என்னும் தரவரையறையில் இடப்புறம் ஓடுபவன் E001, வலப்புறம் ஓடுபவன் E002 என இருவேறு குறிகளாக நிற்கின்றனர். திசை இங்கு அழகியல் தேர்வன்று, பொருளின் கூறு. வெளியேறு வழி இடப்புறம் இருக்க, வலப்புறம் ஓடுபவனையும் இடப்புறம் காட்டும் அம்பையும் ஒரே பலகையில் பொருத்துவதாகக் கொள்வோம். பகலில் நின்று பார்ப்பவர் அம்பை நம்பிச் சரியாகச் செல்வார். புகை சூழ்ந்தபோது அம்பு மறைந்து மனித உருவம் மட்டும் தெரிந்தால் அதே பலகை எதிர்த்திசைக்கு அனுப்பும். சப்பானில் நிறமும் இவ்வாறே பொருளைப் பிரிக்கிறது. பச்சைத் தளத்தில் அமைந்த குறி 'இதுவே வாயில்' என்கிறது; வெண்தளத்தில் பச்சை உருவமாக அமைந்தது 'வாயில் இவ்வழியே' என்கிறது. தளநிறத்தை உட்புற அலங்காரத்திற்கேற்ப மாற்றினால் குறி வேறொன்றைச் சொல்லிவிடும்.

படக்குறியைப் படிப்பவர் யாரென்று அமைத்தவர் அறியார். படிப்பவரும் திரும்பக் கேட்க இயலாது. வாக்கியத்தின் துணை இல்லாத இடத்தில், சார்பு செய்யவேண்டிய பணியை வடிவமும் நிறமும் இடமுமே ஏற்கவேண்டியுள்ளது. ஆகவேதான் பொருளைப் பயன்பாட்டின் போக்கில் விடாது முன்னரே சோதிக்கின்றனர். அமெரிக்காவின் ANSI Z535.3 தரவரையறை, சோதிக்கப்படுவோருள் 85 விழுக்காட்டினரேனும் குறியைச் சரியாக உணரவேண்டும் என்கிறது. நேர்மாறாகவோ ஆபத்து விளையும் வகையிலோ பொருள்கொள்வோர் 5 விழுக்காட்டை மீறக்கூடாது என்றும் வரையறுக்கிறது. இரண்டாம் நிபந்தனை நுட்பமானது. 'இங்கு விளையாட்டரங்கு உள்ளது' என்று கருதுவது வெறும் பிழை. 'இங்கு ஓடாதே' என்று கருதுவது உயிர்ப்பிழை. இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்கலாகாது.

இக்கண்டிப்பு இருந்தும் பொருள் உருவத்திலேயே இயல்பாக உறைவதில்லை. அது கற்றுப் பகிரப்படுவது. பன்னாட்டு வரையறையில் பச்சை பாதுகாப்பையும் சிவப்பு தடையையும் குறிக்கின்றன. அமெரிக்காவிலோ வெளியேறு வழியைச் சிவப்பு எழுத்தில் காட்டும் 'எக்சிட்' பலகைகள் இன்றும் பரவலாக உள்ளன. பச்சை மனிதனுக்குப் பழகிய பயணி அங்கு ஆங்கிலம் அறிந்தால் மட்டுமே அதனை வாயில் என்று கொள்வார். அறியாதவருக்கு அச்சிவப்பு, 'இவ்வழி வராதே' என்றும் படக்கூடும்.