அலர்ஜி என்று சொல்லிவிட்டுப் போன மினிகேப்

கேள்வி:

என் தம்பிக்கு இரண்டு கண்ணும் தெரியாது. லண்டனில் ஈஸ்ட்ஹாம் பக்கம் இருக்கிறோம். வழிகாட்டி நாயோடுதான் அவன் வெளியே போய்வருவான். மார்ச் 3ஆம் தேதி இரவு செயலி வழியாக ஒரு மினிகேப் கூப்பிட்டான். கார் வந்து நின்றது. டிரைவர் நாயைப் பார்த்ததும் "எனக்கு அலர்ஜி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குமேல் ரத்துக் கட்டணமாக 5 பவுண்டும் எடுத்துவிட்டார்கள். அதே வாரம் நம்முடைய தமிழ்க் கடை ஒன்றில், "தம்பி, நாயை வெளியில கட்டிப்போட்டு வாங்கோ, சாப்பாட்டுச் சாமான் இருக்குது" என்றார்கள். இப்போது அவன் தனியாக வாடகைக்கு இடம் தேடுகிறான். அங்கேயும் நாய்தான் பேச்சு. இதற்கெல்லாம் சட்டம் என்று ஏதாவது இருக்கிறதா, அல்லது சும்மா இருக்க வேண்டியதுதானா?

பதில்:

சட்டம் இருக்கிறது. ஆனால் அதற்குக் கெடு உண்டு, அதனால் முதலில் மினிகேப் விஷயத்தைப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், வழிகாட்டி நாயோடு வருபவரை ஏற்ற மறுப்பதை வெறும் மரியாதைக் குறைவாகப் பார்ப்பதில்லை, குற்றமாகவே வைத்திருக்கிறது. மினிகேப் டிரைவரும் சரி, புக்கிங் எடுக்கும் நிறுவனமும் சரி, நாயைக் காரணம் காட்டி மறுக்கக்கூடாது. நாய்க்காகக் கூடுதல் பணமும் கேட்கக்கூடாது. நாய் தன் ஆளோடுதான் இருக்கும், பெரும்பாலும் அவர் காலடியில் படுத்துக்கொள்ளும். மீறினால் அபராதம் 1,000 பவுண்டு வரை போகலாம். நாய் வருகிறது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டிய கட்டாயமும் தம்பிக்கு இல்லை.

அலர்ஜிக்கு வருவோம். உண்மையிலேயே ஆஸ்துமா, கடும் அலர்ஜி உள்ள டிரைவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது: மருத்துவக் காரணத்தைக் காட்டி, லைசென்ஸ் கொடுத்த அமைப்பிடமிருந்து விலக்குச் சான்றிதழ் வாங்கி, அதற்கான அறிவிப்பைக் காரில் மாட்டி வைக்க வேண்டும். லண்டனில் அதைக் கொடுப்பது டி.எஃப்.எல். சான்றிதழ் இல்லாமல் வாயால் "அலர்ஜி" என்று சொல்வது போதாது. சீட் அழுக்காகும், எங்கள் மதத்தில் நாய் ஆகாது, எனக்கு நாயென்றால் பயம் என்பவையும் தப்பிக்கும் வழிகள் அல்ல.

வழக்குகள் விழுவது பெரும்பாலும் சட்டத்தால் அல்ல, சான்று இல்லாததால்தான். கண் தெரியாதவர் நம்பர் பிளேட்டைப் பார்க்க முடியாது, அறிவிப்பு மாட்டியிருக்கிறதா என்றும் பார்க்க முடியாது. ஆகவே இனிமேல் இப்படி நடந்தால் தம்பி போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு நேராகக் கேட்கட்டும்: "இது வழிகாட்டி நாய். நாய் இருப்பதால்தான் என்னை ஏற்ற மறுக்கிறீர்களா? விலக்குச் சான்றிதழ் வைத்திருக்கிறீர்களா?" தான் பங்கெடுக்கும் பேச்சைத் தன் தேவைக்காகப் பதிவு செய்வது இங்கே குற்றமில்லை. டிரைவர் பதில் சொல்லாமல் போனாலும் அந்த மௌனம் பதிவில் இருக்கும்.

மார்ச் 3 சம்பவத்துக்கு ஒலிப்பதிவு இல்லை என்றாலும் கை வெறுமையாக இல்லை. செயலியில் டிரைவர் பெயர், கார் எண், நேரம் எல்லாம் இருக்கும்; இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். உங்களைக் கோபப்படுத்திய அந்த 5 பவுண்டு கட்டணமும் நல்ல சான்றுதான். பயணம் புக் ஆனது, ஆனால் நடக்கவில்லை என்று நிறுவனமே எழுதிக் கொடுத்த ரசீது அது. பிறகு, தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி தம்பியைப் பற்றி அவர்களிடம் இருக்கும் எல்லாத் தரவையும் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: கார் வந்து நின்ற நேரம், இடம், டிரைவர் ரத்துக்குப் பதிந்த காரணம், இரு பக்கச் செய்திகள். பொதுவாக ஒரு மாதத்துக்குள் அவர்கள் பதில் தந்தாக வேண்டும். தெருவில் கடை கேமரா ஏதாவது இருந்தால் அதைக் கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள். பல கடைகளில் பழைய பதிவுமேல் புதியது ஏறிவிடும்.

அதன்பின் இரண்டு பாதைகள் உண்டு, இரண்டிலும் ஒரே நேரத்தில் போகலாம். ஒன்று, டி.எஃப்.எல்.-இடம் புகார். அவர்கள் டிரைவரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம், லைசென்ஸிலும் கைவைக்கலாம். தம்பி அங்கே சாட்சி மட்டுமே. பணம் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். மற்றது, நிறுவனத்தின் மேல் கவுன்டி நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்கு. மன வேதனைக்கும் இழப்பீடு கேட்கலாம் என்று சட்டமே சொல்கிறது. "டிரைவர் சுயதொழில் செய்பவர், எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று நிறுவனம் எழுதும். அநேகமாக எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். லண்டனைப் பொறுத்தவரை, பயணியோடு ஒப்பந்தம் செய்துகொள்வது நிறுவனமே என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதில் கடிதத்தில் அதைக் குறிப்பிடுங்கள்.

கவுன்டி நீதிமன்றத்துக்குக் கெடு ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. உங்கள் கணக்கில் செப்டம்பர் 2ஆம் தேதிக்குள் வழக்குப் பதிவாகியிருக்க வேண்டும். நிறுவனத்தின் புகார்ப் பிரிவோடு கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் இந்தக் கெடு நிற்காது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மாஜிஸ்திரேட் வழக்குக்கும் ஆறு மாதம்தான், ஆகவே டி.எஃப்.எல்.-க்கு இந்த வாரமே எழுதுங்கள். வருமானம் குறைந்தவருக்கு நீதிமன்றக் கட்டணத்தில் சலுகை உண்டு. நடுவில் நிறுவனம் சில பவுண்டு வவுச்சர் நீட்டினால், "இத்துடன் விவகாரம் முடிந்தது" என்ற வரி அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால், சமத்துவ ஆலோசனைக்கென்று அரசு நிதியில் இயங்கும் இலவசத் தொலைபேசிச் சேவையை நாடலாம்.

கடை விஷயத்தில் எனக்கு வேறு யோசனை. சட்டம் அங்கேயும் தம்பி பக்கம்தான்: "நாய்க்கு அனுமதி இல்லை" என்ற விதியை ஊனமுற்றவருக்காகத் தளர்த்துவது கடைக்காரரின் கடமை. அடையாள அட்டையைக் காட்டினால்தான் விடுவேன் என்று சொல்லவும் சட்டத்தில் இடமில்லை. ஆனால் நம் கடைக்காரர்களில் பலர் பயப்படுவது கவுன்சில் சுகாதாரப் பரிசோதகருக்குத்தான். சமையல் நடக்கும் இடத்துக்குள் மிருகம் போகக்கூடாது என்பதே அங்கே கவலை. கறிவேப்பிலைக் கட்டும் அரிசி மூட்டையும் அடுக்கிய நடைபாதைக்கு வழிகாட்டி நாய் வரலாம். முதலாளியிடம் நேரில் போய் இதைச் சொல்லுங்கள். வெளியே கட்டிவிட்டால் உள்ளே தம்பிக்கு வழிகாட்ட யாருமில்லை, நாயையும் எவராவது அவிழ்த்துக்கொண்டு போகலாம் என்பதையும் சொல்லுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் கடிதம், அதே ஆறு மாதக் கெடு. நாய் குரைத்துக் கடித்து ரகளை செய்தால் வெளியே போகச் சொல்லும் உரிமை கடைக்காரருக்கு உண்டு, அதையும் மறைக்க வேண்டாம்.

வீடு கொஞ்சம் சிக்கல். தனி ஃபிளாட் என்றால், ஒப்பந்தத்தில் இருக்கும் "வளர்ப்புப் பிராணி கூடாது" என்ற வரியைத் தளர்த்தும்படி தம்பி கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் வீட்டுக்காரரின் கடமை தொடங்குகிறது, அதனால் எழுத்தில் கேளுங்கள். நாய்க்கென்று தனி வாடகையோ கூடுதல் டெபாசிட்டோ கேட்க முடியாது. இங்கிலாந்தில் வருட வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் டெபாசிட் ஐந்து வார வாடகையைத் தாண்டவும் கூடாது. நாய் கதவைப் பிறாண்டினால் அந்தச் சேதத்துக்குப் பணம் பிடிப்பது வேறு கதை. ஆனால் நம் ஆட்களிடையே வழக்கமாக இருக்கும் ஏற்பாட்டில், அதாவது வீட்டுக்காரர் குடும்பம் கீழே இருந்துகொண்டு சமையலறையைப் பகிர்ந்து ஓர் அறையை வாடகைக்கு விடும்போது, சிறு வீடுகளுக்கான விதிவிலக்கு வந்துவிடலாம்; அங்கே "நாய் வேண்டாம்" என்றால் சட்டத்தால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. அப்படிப்பட்ட அறைகளைத் தேடி மாதங்களை வீணாக்காமல், தனிச் சமையலறை உள்ள இடத்தையே பார்க்கச் சொல்லுங்கள்.