பாடக்குறிப்பு வினா: பழைய தாளை வைத்துப் பழகும் விதம்

பி.எட். விடைத்தாளில் பாடக்குறிப்பு எழுதியிருக்கும் பக்கத்தைப் பார்த்தவுடன் கண்ணில் படுவது அழகான கட்டங்கள்தான். நோக்கங்கள், பாடப்பொருள், கற்றல் அனுபவங்கள், மதிப்பிடல் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருப்பார்கள். உள்ளே போய் வாசித்தால், முதல் கட்டத்துக்கும் கடைசிக் கட்டத்துக்கும் பேச்சுவார்த்தையே இருக்காது. நோக்கத்தில் ‘பயன்படுத்துதல்’ என்று இருக்கும். மதிப்பிடலில் ‘முக்கோணம் என்றால் என்ன?’ என்று ஒரு வரையறை வினா இருக்கும். மதிப்பெண் போவது அந்த இடத்தில்தான்.

பழைய வினாத்தாள்களை வைத்துப் படிப்பவர்களில் பெரும்பாலோர் செய்வது, கேட்ட தலைப்புகளுக்கெல்லாம் பாடக்குறிப்பை எழுதி மனப்பாடம் செய்வது. தலைப்பு மாறினால் அத்தனையும் வீண். தாள்களை வரிசையாக அடுக்கி, தலைப்பை விரலால் மறைத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் ஏவலை மட்டும் வாசித்துப் பாருங்கள். ‘பாடக்குறிப்பு தயாரிக்க’, ‘நுண்ணிலைக் கற்பித்தலுக்கான பாடக்குறிப்பு எழுதுக’, ‘இம்முறையை எடுத்துக்காட்டுடன் விளக்குக’, ‘நிறை குறைகளைக் கூறுக’ என்று ஒரு கைக்குள் அடங்கிவிடும். ஆகவே ஒரே ஒரு பாடத்தை முழுதாகக் கையில் வைத்துக்கொண்டு, அதை இந்த ஏவல்கள் ஒவ்வொன்றுக்கும் திருப்பி எழுதப் பழகுவதே லாபம்.

கணிதத்திலிருந்து ஒன்றை எடுப்போம். ஏழாம் வகுப்பு, முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180°, ஒரு பாடவேளை 45 நிமிடம்.

வழக்கமாக எழுதப்படும் நோக்கம் இப்படி இருக்கும்: “மாணவர்கள் முக்கோணத்தின் கோணங்களைப் பற்றித் தெரிந்துகொள்வர்.” தெரிந்துகொண்டானா என்பதை வகுப்பில் எதை வைத்துப் பார்ப்பது? பார்க்க முடியாத வினைச்சொல்லை நோக்கத்தில் எழுதினால் மதிப்பிடல் கட்டம் தானாகத் தடுமாறும். அதற்குப் பதில் மூன்று வரி எழுதலாம். மூன்று வகை முக்கோணங்களின் கோணங்களை அளந்து கூடுதலை அட்டவணைப்படுத்துவர். இரு கோணங்கள் தரப்பட்டால் மூன்றாவதைக் கணக்கிடுவர். ஒரு முக்கோணத்தில் இரண்டு செங்கோணங்கள் ஏன் அமையாது என்பதற்குக் காரணம் கூறுவர். இந்த மூன்று வினைகளையும் வகுப்பில் கண்ணால் பார்க்கவோ காதால் கேட்கவோ முடியும்.

அடுத்து ஆயத்தம். “முக்கோணத்துக்கு எத்தனை கோணம்?” என்று தொடங்குவது சம்பிரதாயம், அது பாடத்துக்கு எந்தக் கதவையும் திறப்பதில்லை. மாணவனிடம் ஏற்கெனவே இருக்கும் முன்னறிவு, நேர்க்கோட்டின் மேல் ஒரு புள்ளியில் அமையும் கோணங்களின் கூடுதல் 180° என்பது. கரும்பலகையில் ஒரு கோடு போட்டு, ஒரு புள்ளியில் மூன்று கோணங்களை வரைந்து, 70°, 50° என்று இரண்டைக் குறித்து மூன்றாவதைக் கேளுங்கள். 60° என்பார்கள். உடனே பக்கத்தில் ஒரு முக்கோணம் வரைந்து அதே 70°, 50° என்று எழுதி, “இங்கே மூன்றாவது என்ன?” என்று கேளுங்கள். வகுப்பு ஒரு நொடி நிற்கும். அந்த நிற்றல்தான் ஆயத்தம். இதற்கு ஐந்து நிமிடம்.

பிறகு நான்கு பேர் கொண்ட குழுக்கள். ஒவ்வொரு குழுவும் குறுங்கோண, செங்கோண, விரிகோண முக்கோணம் ஒவ்வொன்று வரைந்து கோணமானியால் அளந்து அட்டவணை இடுகிறது, 12 நிமிடம். அடுத்த பத்து நிமிடத்தில் காகித முக்கோணத்தின் மூன்று முனைகளையும் கிழித்து ஒரே புள்ளியில் ஒட்டுகிறார்கள், நேர்க்கோடு அமைகிறது. ஆயத்தத்தில் பார்த்த கோடு இங்கே திரும்ப வருகிறது. எட்டு நிமிடத்தில் ∠A + ∠B + ∠C = 180° என்ற விதியை மாணவர்களே சொல்ல, கரும்பலகையில் தொகுத்து எழுதலாம். மதிப்பிடலுக்கு எட்டு நிமிடம், தொடர்பணிக்கு இரண்டு. கூட்டினால் 45. நிமிடக் கணக்கைப் போடும் பழக்கம் பலருக்கு இல்லை. போட்டுப் பார்த்தால்தான் எழுதியிருப்பது ஒரு பாடவேளைக்குள் அடங்குமா, மூன்று நாள் இழுக்குமா என்பது தெரியும்.

மதிப்பிடலில் முதலில் 35°, 65° கொடுத்து மூன்றாவதைக் கேட்கலாம், விடை 80°. அடுத்து, “இரண்டு செங்கோணம் உள்ள முக்கோணம் வரைந்ததாக உன் நண்பன் சொல்கிறான்; நம்புவாயா?” என்று கேட்கலாம். 90°, 90° என்றாலே 180° தீர்ந்துவிடும், மூன்றாவது கோணத்துக்கு மிச்சமில்லை என்று மாணவன் சொல்ல வேண்டும்.

இப்போது ஒரு பென்சிலை எடுத்து, ஒவ்வொரு நோக்கத்திலிருந்தும் அதற்கான செயலுக்கும், அங்கிருந்து அதற்கான வினாவுக்கும் கோடு இழுங்கள். இரண்டாம் நோக்கம் நேராகப் போகிறது. மூன்றாம் நோக்கத்துக்கு வினா இருக்கிறது. நடுவில் செயல் இல்லை! செங்கோண முக்கோணத்தை அளக்கும்போதே, “மிச்சம் இரண்டு கோணமும் சேர்ந்து எவ்வளவு?” என்று ஆசிரியர் கேட்பதாக ஒரு வரி சேர்த்தால் போதும். முதல் நோக்கத்துக்குச் செயல் இருக்கிறது, தனி வினா இல்லை. குழுவின் அட்டவணையைப் பார்வையிடுதல் என்று மதிப்பிடலில் எழுதிவிடலாம். பழைய வினாவுக்கு நீங்கள் எழுதிய விடையைத் திருத்த வேறு ஆள் தேவையில்லை. கோடு எங்கே அறுகிறது என்று பார்த்தாலே குறை தெரிந்துவிடும்.

இதே பாடம் கற்பித்தல் முறை வினாவுக்கும் வரும். தனித்தனி முக்கோணங்களிலிருந்து பொது விதிக்குப் போனது விதிவரு முறை. விதியை எடுத்துக்கொண்டு 35°, 65° கணக்கைப் போட்டது விதிவிளக்கு முறை. குறை எழுதச் சொன்னால், ‘காலம் அதிகமாகும்’ என்ற ஒற்றை வரியை எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள் வகுப்பறைக்குள் இருந்து எழுதுங்கள்: ஒரு குழுவுக்கு 179° வரும், இன்னொன்றுக்கு 182° வரும்; ஆயிரம் முக்கோணத்தை அளந்தாலும் அது நிரூபணம் ஆகாது. ஓர் உச்சி வழியாக எதிர்ப்பக்கத்துக்கு இணைகோடு வரைந்து, ஒன்றுவிட்ட கோணங்களைக் கொண்டு காட்டினால்தான் நிரூபணம். குறையைச் சொன்ன கையோடு அதை நிரப்பும் வழியையும் சொன்னதாக ஆகிவிடும்.

பெயர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. விதிவரு முறையைத் தொகுத்தறி முறை என்றும், விதிவிளக்கு முறையைப் பகுத்தறி முறை என்றும் சொல்வதுண்டு. இதோடு பகுப்பாய்வு முறை, தொகுப்பு முறை என்று வேறொரு ஜோடி இருக்கிறது. கண்டுபிடிக்க வேண்டியதிலிருந்து பின்னோக்கிப் போய்த் தெரிந்ததைத் தொடுவது பகுப்பாய்வு; தெரிந்ததிலிருந்து முன்னோக்கி நடப்பது தொகுப்பு. ‘தொகு’ என்ற இரண்டு எழுத்தைப் பார்த்த வேகத்தில், தொகுப்பு முறைக்குத் தொகுத்தறி முறையை எழுதிவிட்டு வருபவர்கள் உண்டு. பக்கம் பக்கமாகச் சரியான விடை. ஆனால் வேறு வினாவுக்கு.

நுண்ணிலைக் கற்பித்தல் கேட்டால் மேலே உள்ள 45 நிமிடக் குறிப்பை அப்படியே சுருக்கி எழுதக் கூடாது. அங்கே கேட்பது ஒரே ஒரு திறன், ஐந்தாறு நிமிடம், சில மாணவர்கள். நம் நாட்டில் பழகிவந்த சுழற்சி 36 நிமிடம்: கற்பித்தல் 6, பின்னூட்டம் 6, மறுதிட்டமிடல் 12, மறுகற்பித்தல் 6, மறுபின்னூட்டம் 6. கிளர்வினாத் திறன் கேட்டிருந்தால், அந்த 182° ஒன்றே போதும்.

“சார், எங்களுக்கு 182 வந்துச்சு.”

“சரி. கோணமானியோட நடுப்புள்ளியை எங்க வச்ச?” இது குறிப்புத் தருதல்.

“பக்கத்துக் குழு, உங்களுக்கு எவ்வளவு?” இது வேறொருவருக்குத் திருப்புதல்.

“ரெண்டு பேருக்கும் வேற வேற விடை. அப்போ முக்கோணம் மாறுதா, நாம அளக்குறது மாறுதா?” இது திறனாய்ந்து பார்க்கத் தூண்டுதல்.

ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே அது திறனின் எந்தக் கூறு என்று குறித்துவிட்டால், திருத்துபவர் தேட வேண்டியதில்லை. ஆசிரியர் வினாவை மட்டும் எழுதி மாணவர் விடையை எழுதாமல் விட்டால் இது கிளர்வினாவாக நிற்காது. கிளர்வினா என்பதே மாணவன் சொன்ன விடையிலிருந்து பிறப்பது.

பழைய தாள்களை நம்பும்போது ஆண்டைப் பார்க்க வேண்டும். 2014 ஒழுங்குமுறைகளின்படி பி.எட். இரண்டாண்டுப் படிப்பானது, அதற்கு முந்தைய ஓராண்டுக் காலத் தாள்களில் பாடப் பகுப்பே வேறு. அவற்றில் முறைகள், திறன்கள் பற்றிய வினாக்கள் இன்றும் பயன்படும். அலகு வரிசையையும் மதிப்பெண் பங்கீட்டையும் நம்பாதீர்கள். இன்னொன்று புளூம். 1956 வகைப்பாட்டில் அறிவுசார் புலத்தின் உச்சி மதிப்பிடுதல். அதற்குக் கீழே தொகுத்தல். 2001இல் ஆண்டர்சனும் கிராத்வோலும் திருத்தியபோது உச்சிக்கு உருவாக்குதல் வந்தது, மதிப்பிடுதல் ஒரு படி இறங்கியது. ஆகவே பழைய விடைக்குறிப்பில் ‘மதிப்பிடுதல்’ என்று இருந்தால் அது தவறல்ல, அந்த வகைப்பாட்டுக்கான விடை. வினாவில் ‘திருத்தப்பட்ட’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பேனாவைத் தொடுங்கள்.

ஆசிரியர் தகுதித் தேர்வில் பாடக்குறிப்பு எழுதச் சொல்வதில்லை; நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தால் போதும். ஆனால் அங்கேயும் இதே 182° மாணவன் வருவான். சரியான விடையை உடனே கூறுதல், மீண்டும் அளக்கச் சொல்லுதல், பாராட்டுதல், எப்படி அளந்தான் என்று கேட்டல் என்ற நான்கில் எதையுமே தவறு என்று தள்ளத் தோன்றாது. ஆசிரியர் ‘முதலில்’ செய்வது எது என்ற சொல்தான் வடிகட்டி. மாணவன் யோசித்த வழியை வெளியே கொண்டுவரும் விடையே முதலில் வரும். நேரடி விடை எழுதிப் பழகியவர்கள் இந்தத் தாளில் தடுமாறுவதற்குக் காரணம், பழைய வினாவில் சரியான விடையை மட்டும் குறித்துக்கொண்டு மற்ற மூன்றும் ஏன் போயின என்று எழுதிப் பார்க்காததுதான்.

இன்று இரவே ஒரு பழைய பாடக்குறிப்பு வினாவை எடுங்கள். 25 நிமிடம் வைத்து எழுதுங்கள். ஐந்து நிமிடம் பென்சில் கோடு இழுங்கள். அறுந்த கோட்டை நாளைக்கு வேறு மையில் ஒட்டுங்கள். அடுத்த வினாவுக்கு அதற்குப் பிறகு போகலாம்.