முதல் வாக்கியத்தைத் தெரிவது எப்படி: பொருளை வைத்தா, தொடர்பை வைத்தா?

ஒழுங்கு மாறிய ஐந்து வாக்கியங்களை 120 விதமாக அடுக்கலாம். முதல் வாக்கியம் சரியாக அமைந்துவிட்டால் மிஞ்சுவது 24 விதம்தான். போட்டிப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் பலர் இந்த இடத்தில் ஒரே வழியைத்தான் கைக்கொள்கிறார்கள். பந்தி எதைப் பற்றியது என்று ஊகித்து, அந்தப் பெயரைச் சொல்லும் வாக்கியத்தைத் தலையில் வைக்கிறார்கள். மற்ற வழி, எந்த வாக்கியம் தனக்கு முன் இன்னொன்றைக் கேட்கவில்லை என்று பார்ப்பது. நல்லூர்ப் பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்த ஒரு செய்தியில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

அ. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும் தப்பவில்லை.
ஆ. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர்.
இ. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்து, ஒல்லாந்தர் காலத்தில், குருக்கள் வளவில் மீண்டும் கட்டப்பட்டது.
ஈ. அந்த வெற்றிக்குப் பிறகு சைவக் கோயில்களை இடிக்கத் தொடங்கினர்.
உ. ஆண்டுதோறும் 25 நாள் திருவிழா நடப்பது இப்படி எழுந்த கோயிலில்தான்.

பந்தி கோயிலைப் பற்றியது என்பதில் ஐயமில்லை. கோயிலின் முழுப்பெயர் அ-வில் மட்டும் இருக்கிறது. ஆகவே பொருளை வைத்துத் தெரிபவர் அ-வை முதலில் போடுவார். அதன் பின் இ, உ என்று வாசிப்பு தடையின்றி ஓடும். அந்த ஓட்டமே அவரை ஏமாற்றிவிடும். ஆ-வும் ஈ-யும் அப்போது இடமில்லாமல் நிற்கும். அவற்றை நடுவில் செருகினால், இடிபட்ட கோயிலைச் சொன்ன பிறகு போர்த்துக்கேயரின் வருகை வரும். கடைசியில் சேர்த்தால் திருவிழாவுக்குப் பின் படையெடுப்பு வரும். அடுக்கிய பிறகு இரண்டு வாக்கியங்கள் இடமின்றி மிஞ்சினால், பெரும்பாலும் பிழை முதல் வாக்கியத்தில்தான் இருக்கும்.

இனித் தொடர்பை வைத்துப் பார்ப்போம். ‘அந்த வெற்றி’, ‘இப்படி எழுந்த’ என்ற சுட்டுகள் ஈ-யையும் உ-வையும் உடனே விலக்கிவிடும். இ-யில் சுட்டு இல்லை. ஆனால் கட்டப்பட்டது எது என்ற எழுவாயும் இல்லை. தமிழில் எழுவாயை விட்டுவிட்டு வினைமுற்றால் மட்டும் பேசலாம் என்பதால், எழுவாய் இல்லாத வாக்கியம் முன்வாக்கியத்தைத் தேடுகிறது என்று கொள்ளவேண்டும். ஆங்கில வழிகாட்டிகளில் படித்தபடி ‘அவர்’, ‘அது’ ஆகியவற்றை மட்டும் தேடுபவர்கள் தவறவிடுவது இதைத்தான். கடைசியாக அ. ‘கோயிலும்’ என்பதில் உள்ள உம், தப்பாத வேறு கோயில்கள் முன்னரே சொல்லப்பட்டுவிட்டன என்கிறது. ஒட்டாமல் நிற்பது ஆ ஒன்றுதான். அதன்பின் ஈ, அ, இ, உ தாமாகவே வரும்.

சுட்டையும் உம்மையும் கண்டவுடன் விலக்கிவிடவும் கூடாது. ‘இந்த ஆண்டு’, ‘இந்நாட்டில்’ என்பவை வாசகர் இருக்கும் காலத்தையும் இடத்தையும் காட்டுபவை. அவை பந்தியைத் தொடங்கலாம். ‘யாரும்’, ‘எல்லோரும்’, ‘ஆண்டுதோறும்’ என்பவற்றில் வரும் உம் எதையும் முன்னிழுப்பதில்லை. சுட்டு எதைக் காட்டுகிறது என்று கேளுங்கள். விடை இன்னொரு வாக்கியத்தில் இருந்தால் மட்டும் விலக்குங்கள்.

பொருளைப் பார்ப்பது முற்றிலும் வீண் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு வாக்கியங்கள் ஒட்டாமல் நிற்கும்போது அது உதவும். மேலுள்ள வினாவில் ‘நல்லூர் யாழ்ப்பாண அரசர்களின் தலைநகராக விளங்கியது’ என்று ஆறாவது வாக்கியம் ஒன்று இருந்தால், அதுவும் ஆ-வும் தொடக்கத்துக்குப் போட்டியிடும். களத்தை அறிமுகப்படுத்தும் வாக்கியம் முதலில் வருவது வழக்கம் என்று பொருள் சொல்லும். தீர்ப்பைத் தருவது அப்போதும் தொடர்புதான்: ‘அந்த வெற்றி’ ஈ-யை ஆ-வோடு கட்டிவைத்திருக்கிறது, உம் அ-வை ஈ-யோடு கட்டிவைத்திருக்கிறது. தலைநகர் வாக்கியத்தை இந்த மூன்றுக்கும் நடுவே நுழைத்தால் கட்டு அறுந்துவிடும். இடிப்புக்குப் பின் வைத்தால் காலம் பிசகும். ஆகவே அது முதலில்தான் நிற்கும்.

விடைத்தெரிவுகள் தரப்பட்டிருந்தால் மூன்றாவது வழியும் உண்டு. நான்கு தெரிவுகளின் முதலெழுத்துகளை மட்டும் வாசித்து, ஒட்டிநிற்கும் வாக்கியத்தில் தொடங்குபவற்றை அடித்துவிடலாம். மேலுள்ள வினாவில் ‘ஈ’, ‘உ’ என்று தொடங்கும் தெரிவுகள் சில நொடிகளில் போய்விடும். நேரம் குறைந்த தாளில் இதையே முதலில் செய்யச் சொல்வேன். இந்தியாவின் CAT தேர்வில் இவ்வகை வினாக்களுக்குத் தெரிவுகள் கிடையாது. வரிசையைத் தாமே தட்டச்சு செய்யவேண்டும். அங்கே இந்த வழி உதவாது. அப்போது முதல் வாக்கியத்தைத் தேடுவதை நிறுத்தி, பிரிக்க முடியாத ஒரு சோடியைப் பிடியுங்கள். ஆ–ஈ கையில் கிடைத்துவிட்டால் ஐந்து வாக்கியங்கள் நான்கு துண்டுகளாகிவிடும். ஆ-வுக்கு முன் வைக்க ஏதும் உண்டா என்று மட்டும் பார்த்தால் போதும்.