காட்சி உயரும்போது உரை எப்படி மாற வேண்டும்? அடையாறு முகத்துவாரம்: ஒரு காணொலிப் பாடம்

நங்கநல்லூரில் உள்ள எங்கள் பள்ளி மாணவர்கள் அடையாற்றைப் பாலத்தின் மேலிருந்து பார்த்திருக்கிறார்கள். அது கடலில் சேரும் இடத்தைப் பார்த்தவர்கள் குறைவு. அதற்காக, உரிய அனுமதியுடன் ட்ரோனில் எடுக்கப்பட்ட 96 விநாடிக் காட்சி ஒன்றைச் சமூக அறிவியல் வகுப்புக்குப் பயன்படுத்தினேன். (விமான நிலையத்தை ஒட்டிய பகுதி என்பதால் நாமே இங்கு ட்ரோன் பறக்கவிடுவது நடக்காத காரியம்.) காட்சியுடன் வந்த உரை பாடநூல் நடையில் இருந்தது. தகவலில் பிழை ஏதும் இல்லை. ஆனாலும் அதை முழுவதும் மாற்றி எழுத வேண்டியிருந்தது.

காட்சியின் போக்கு இதுதான். முதல் 16 விநாடிகள் ட்ரோன் மணலுக்கு மேல் ஆள் உயரத்தில் நகர்கிறது. அடுத்த 24 விநாடிகளில் ஏறத்தாழ 60 மீட்டர் உயர்கிறது. பிறகு 32 விநாடிகள் மேலேயே நின்று மெல்லத் திரும்புகிறது. கடைசி 24 விநாடிகளில் உடைந்த பாலத்தை நோக்கி இறங்குகிறது.

ட்ரோன் உயரத் தொடங்கும் இடத்தில் பழைய உரை இப்படி இருந்தது: “மேற்கே உள்ள ஏரிகளின் உபரிநீரைப் பெற்று, புறநகர்ப் பகுதிகளைக் கடந்து, சுமார் 42 கி.மீ. பாய்ந்து, சீனிவாசபுரத்துக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே வங்கக்கடலில் கலக்கும் அடையாற்றின் முகத்துவாரத்தில் அமைந்துள்ள மணல் திட்டு பருவத்துக்கேற்ப மாறும் தன்மையுடையது.”

படிக்கும்போது இது நல்ல வாக்கியம். கேட்கும்போதுதான் சிக்கல். தமிழில் அடைமொழிகள் எல்லாம் பெயருக்கு முன்னால் வந்து நிற்கும். இந்த வாக்கியத்தில் ‘மணல் திட்டு’ என்ற சொல் காதில் விழப் பத்து விநாடிக்கு மேல் ஆகிறது. அதற்குள் மாணவர்களின் கண் திட்டைக் கடந்து படகுக்குப் போய், படகிலிருந்து கரையோரக் கட்டடங்களுக்குப் போய்விடுகிறது. எனவே பெயரை முதலில் சொல்லி, விவரத்தைத் தனித்தனி வாக்கியங்களாகப் பின்னால் வைத்தேன். பொருள் திரையில் தெளிந்த பிறகே அதன் பெயர் வர வேண்டும். ஒரு விநாடி பிந்தினால் கெடுதல் இல்லை. முந்தினால் மாணவர்கள் இல்லாத ஒன்றைத் தேடுவார்கள்.

எந்த உயரத்தில் எதைச் சொல்வது என்பது அடுத்த கேள்வி. தாழப் பறக்கும்போது தொட்டு உணரக்கூடியதை மட்டும் சொன்னேன்: “ஈரமணல். அலை விட்டுப்போன கோடுகள் இன்னும் காயவில்லை.” அவ்வளவுதான்; மிச்ச நேரம் அலையோசைக்கு.

உயரும்போது தனிப்பொருள்கள் சிறுத்து, அவற்றுக்கிடையே உள்ள உறவு தெரியத் தொடங்குகிறது. அப்போது அளவுகோல் ஒன்று தேவை. இல்லாவிட்டால் திட்டு பத்தடி அகலமா, நூறடி அகலமா என்று மாணவருக்குத் தெரியாது. “ஒரு மணல் திட்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு. அதன்மேல் நிற்கும் ஒரு படகு ஏறக்குறைய நம் வகுப்பறை நீளம்” என்று எழுதினேன்.

உச்சியில் படம் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது. கண்ணுக்கு வேலை குறைவு. காரணத்தை விளக்க ஏற்ற இடம் இதுதான்: “இது அடையாறு. 42 கிலோமீட்டர் ஓடிவந்து இங்கே கடலைச் சேர்கிறது. கோடையில் ஆற்றில் நீர் குறையும். அலை கொண்டுவரும் மணல் ஆற்றின் வாயை அடைத்துவிடும். வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் வந்து அந்த மணலை உடைக்கும்.” நிமிடத்துக்கு 90 சொல் என்ற நிதானத்தில் இதைப் படிக்க 18 விநாடி போதும். மீதி 14 விநாடியை வெறுமையாக விட்டேன். அந்த மௌனத்தில்தான் ஒரு மாணவி, “அப்போ கோடையில ஆத்துத் தண்ணி எங்க போகும் சார்?” என்று கேட்டாள்.

இதே பகுதியில் ‘இடப்பக்கம்’, ‘வலப்பக்கம்’ என்ற சொற்களை நீக்கினேன். ட்ரோன் திரும்பும்போது இடம் வலமாகிவிடும். வடக்கே, தெற்கே என்பவை மாறாதவை. வரைபடப் பாடத்துக்கும் உதவுபவை.

இறங்கும்போது ஒரே ஒரு பொருளுக்குத் திரும்பினேன்: “ஆற்றின் குறுக்கே ஒரு பாலம். நடுப்பகுதி இல்லை. வெள்ளம் கொண்டு போய்விட்டது.”

உரை பொருந்துகிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. திரையைப் பார்க்காமல் மாணவர்களைப் பாருங்கள். ‘மணல் திட்டு’ என்று ஒலிக்கும்போது திரையில் கைநீட்டிக் காட்டச் சொல்லுங்கள். கைகள் வெவ்வேறு பக்கம் போனால் அந்தச் சொல் தப்பான விநாடியில் வருகிறது என்று பொருள்.

மணல் நகர்வின் முழுக்கதையை இந்தக் காட்சியால் சொல்ல முடியாது. ஆண்டின் பெரும்பகுதி மணல் கரையோரமாக வடக்கு நோக்கி நகர்கிறது. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் அதைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. 60 மீட்டர் உயரத்திலிருந்து இதெல்லாம் தெரியாது. தெரியாததை உரையில் நுழைக்காமல், காணொலி முடிந்ததும் சென்னைக் கடற்கரையின் செயற்கைக்கோள் படத்தைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டினேன். மாணவர்களே முகத்துவாரத்திலிருந்து வடக்கே விரலை நகர்த்தித் துறைமுகச் சுவரைக் கண்டுபிடித்தார்கள்.